ரெண்டு காயில் கருகி, ஒண்ணு அப்படியே

ஆறு வருஷமாகப் பேச்சில்லாத அண்ணனுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. அந்த வாரம் எங்கள் பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில்தான். தென்னைக்குத் தண்ணி விட எப்படியும் விழித்திருக்க வேண்டும். மோட்டார் ரூமில் கயித்துக் கட்டிலில் உட்கார்ந்து பத்து மணிக்கு ஆரம்பித்தேன்.

முதல் காரியம், அவருடைய பெயரைத் திறந்து அதற்குள் அடிக்காமல் இருப்பது. அவர் அந்த நேரம் போனைப் பார்த்தால் typing… என்று காட்டும். ஒரு மணி நேரம் அப்படியே காட்டிவிட்டு ஒன்றும் வராமல் போனால் அதுவே ஒரு சண்டை. அனுப்பிவிட்டு அழித்தாலும் அழித்த தடம் அங்கேயே கிடக்கும். திருத்தலாமென்றால் 15 நிமிஷம்தான், அதிலும் Edited என்று எழுதிவிடும். அதனால் எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் பக்கத்தில் எழுதினேன்.

முதல் வரைவு நாற்பது வரி. பாகம் பிரித்ததிலிருந்து வருஷவாரியாக எல்லாம் இருந்தது. திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்கே தெரிந்தது. பஞ்சாயத்தில் வாசிக்கலாம், அண்ணனுக்கு அனுப்ப முடியாது.

இரண்டாவதை "மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு" என்று தொடங்கினேன். எங்கள் ஊரில் கூடப் பிறந்தவனை அப்படிக் கூப்பிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரப்போகிறதென்று அர்த்தம். "ங்க"வை விட்டு எழுதினாலோ அடிக்க வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் வாயில் வருகிறபடி "அண்ணா" என்று மட்டும் போட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்" வைத்தபிறகுதான் என் குரல் மாதிரி கேட்டது.

மூன்றாவதில்தான் உண்மையான கோளாறு பிடிபட்டது. எங்கள் கிணத்து கரண்ட் சர்வீஸ் இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. பேர் மாற்ற அண்ணனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். மெசேஜ் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். "மன்னிச்சுருங்" என்று மேலே, "ஒரு கையெழுத்து வேணுங்" என்று கீழே. இரண்டும் ஒன்றாக இருந்தால் மன்னிப்பு கையெழுத்துக்குக் கொடுக்கிற விலை ஆகிவிடும். ஒரு மணிக்குக் கையெழுத்தை எடுத்தேன். எடுத்தபின் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: "எம்மேல தப்பு இருந்துச்சுன்னா மன்னிச்சுருங். இருந்தாலும் நீங்களும் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்க வேண்டாம்."

"இருந்துச்சுன்னா" என்றால் தப்பு இல்லை என்று பொருள். "இருந்தாலும்" வந்துவிட்டால் அதற்கு முன்னால் சொன்னது எதுவும் சொன்னதாகாது. இரண்டையும் அழித்தேன். அழித்ததும் என்ன தப்பு என்று சொல்லியாக வேண்டியதாகிவிட்டது.

2019 சித்திரையில், அண்ணனின் முறைத் தண்ணி நாளில், பொதுக் கிணத்து மோட்டார் எரிந்தது. தண்ணியில்லாமல் ஓடவிட்டு எரித்துவிட்டார் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் கிணத்தை விட்டுவிட்டுத் தன் பாகத்தில் போர் போட்டுக்கொண்டார். மோட்டாரை ரீவைண்டிங் கடைக்கு நான்தான் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்த காயில்காரர், இரண்டு பேஸ் காயில் கருகி மூன்றாவது புதுசு போல இருப்பதைக் காட்டினார். தண்ணியில்லாமல் ஓடிச் சூடேறியிருந்தால் மூன்றும் ஒரே மாதிரி கருகியிருக்கும். எங்கள் மோட்டார் ஸ்டார் இணைப்பு. லைனில் ஒரு பேஸ் போனால் மிச்ச இரண்டு காயில்தான் மொத்தக் கரண்டையும் இழுத்துக் கருகும். அண்ணன் மேல் ஒரு குத்தமும் இல்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகச் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு ஒரு வரியில் எழுதியதை நாலைந்து தடவை மாற்றி, கடைசியில் இப்படி நின்றது:

"அண்ணா, அன்னிக்கு மோட்டார் எரிஞ்சது உங்களால இல்லீங். ஒரு பேஸ் போயி ரெண்டு காயில் கருகியிருந்துச்சு, ஒண்ணு அப்படியே இருந்துச்சு. கடைக்காரரு அன்னிக்கே சொன்னாரு. நான் உங்ககிட்டச் சொல்லல. நாலு பேரு முன்னால பேசுனது தப்புங்."

உடனே அனுப்பவில்லை. பேச்சில்லாத வீட்டிலிருந்து அகால நேரத்தில் போன் சத்தம் வந்தால் இழவுச் செய்தி என்றுதான் பதறுவார்கள். அண்ணன் ஐந்து மணிக்குப் பால் கறக்க எழுந்திருப்பார், கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு ஆறரைக்கு வருவார். ஆறே முக்காலுக்கு அனுப்பினேன்.

இரண்டு டிக் நீலமானது. typing… என்று வந்தது, நின்றது, திரும்ப வந்தது. அவருக்கு என் மாதிரித் தனியாக எழுதிப் பார்க்கத் தெரியாது. ஏழு மணிக்குப் பதில், ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற பிரிவென்டரைப் பற்றி:

"இப்ப பிரிவென்டர் மாட்டிருக்கயா?"

"இல்லீங்."

"மாட்டாம ராத்திரில ஓட்டாத. சாயங்காலம் வர்றேன்."