டயாலிசிஸ் வார்டில் ஒரு துபாய்த் தம்பி

"போறப்ப மெடிக்கல்ல ஃபிட்னுதாண்ணே போட்டாங்க" என்றான், மாமாவுக்குப் பக்கத்துப் படுக்கைத் தம்பி. முப்பது வயதுகூட இருக்காது.

துபாயில் கம்பி கட்டும் வேலை. கழிப்பறை பல மாடி கீழே, ஏறி இறங்கச் சலித்துக்கொண்டு தண்ணீரையே குறைத்திருக்கிறான். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போயிருக்கிறது.

உடம்பு வலிக்கு தினமும் டைக்ளோஃபினாக். உடம்பு வறண்டிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். டாக்டரின் சந்தேகமும் அதுதான்.

அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலைக்குத் தடை உண்டு. சரி, காலை பத்து மணிப் புழுக்கத்துக்கு?

கிளினிக் போனால் சம்பளம் வெட்டு என்று போகவே இல்லை. கால் வீங்கிய பிறகுதான் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்திருக்கிறார்கள்.

போகும்போது காசநோய், எச்ஐவி, மஞ்சள்காமாலை எல்லாம் தேடுகிறார்கள். திரும்பி வருகிறவனுக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனைகூடக் கட்டாயமில்லை.