முழுத்திரை வேண்டாம், அந்த விண்டோ மட்டும் போதும்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் அப்ளிகேஷன் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். பில்லிங், கணக்கு மென்பொருளில் ஏதாவது தகராறு என்றால் பீன்யா, ஓசூர், கோவை கிளைகளில் இருந்து டிக்கெட் வரும். டிக்கெட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் 'எர்ரர் வருகிறது, பார்க்கவும்' என்கிற ஒரே வரிதான். எந்தத் திரை, எந்த எண், என்ன செய்தி என்பதெல்லாம் கூட வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் பத்துக்கு எட்டு, `PrtScn` பொத்தானை மட்டும் அழுத்தி எடுத்த முழுத்திரைப் படமாக இருக்கும். அதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை, ஒரு மாதக் கடைசியில் பீன்யா கிளையில் இருந்து வந்த டிக்கெட்.

அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா வேலூர்க்காரர். மேசையில் இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறார். வலது பக்கம் பில்லிங் மென்பொருள், இடது பக்கம் எக்செல். ஒரு வவுச்சரைப் பதிவு செய்யும்போது நடுவில் சின்ன எர்ரர் பெட்டி வந்து நின்றுவிட்டது. `PrtScn` அழுத்தி, வேர்டில் ஒட்டி, அந்தக் கோப்பை டிக்கெட்டில் இணைத்து அனுப்பிவிட்டார்.

`PrtScn` ஒரு மானிட்டரை மட்டும் எடுப்பதில்லை, இணைத்திருக்கும் எல்லா மானிட்டரையும் சேர்த்து ஒரே படமாக்கிவிடும். அக்காவின் மானிட்டர் ஒவ்வொன்றும் 1920 பிக்ஸல் அகலம். இரண்டும் சேர்ந்தால் 3840. வேர்டின் ஏ4 பக்கத்தில் இரு ஓரமும் போக எழுத இருக்கும் இடம் ஆறேகால் அங்குலம்தான். சாதாரண அளவில் பார்த்தால் அது திரையில் ஏறக்குறைய 600 பிக்ஸல். அதாவது படம் ஆறு மடங்குக்கு மேல் சுருங்குகிறது. பன்னிரண்டு பிக்ஸல் உயரமுள்ள எழுத்து இரண்டு பிக்ஸலாகிவிடும். 'பெரிதாக்கிப் பார்த்தால் தெரியுமே' என்று தோன்றும். ஆனால் வேர்டில், சேமிக்கும்போது படத்தைச் சுருக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது 220 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 220 பிக்ஸல் என்றிருந்தால், ஆறேகால் அங்குலப் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 1380 பிக்ஸல். மீதி போனது போனதுதான். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த எழுத்து திரும்பி வராது.

அன்று அந்தப் பெட்டியில் இருந்த வவுச்சர் எண் 100386. கோப்பைத் திறந்த டேட்டாபேஸ் குழுவினருக்கு அது 100336 என்று தெரிந்தது. அந்த எண்ணிலும் ஒரு வவுச்சர் இருந்தது, அது நல்லபடியாகப் பதிவாகியும் இருந்தது. 'எந்தப் பிரச்சினையும் இல்லை' என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாதிப்பேர் சேலம், தருமபுரி பஸ்ஸுக்காக சில்க் போர்டில் நிற்கிற நேரம். டிக்கெட்டை மறுபடி திறந்து, எண்ணைத் தொலைபேசியில் கேட்டு வாங்கிச் சரிசெய்ய இரவாகிவிட்டது.

இன்னொரு சங்கதியும் அந்தப் படத்தில் இருந்தது. இடது மானிட்டரில் திறந்திருந்த எக்செல், அந்தக் கிளையின் சம்பளப் பட்டியல். சுருங்கிய படத்தில் எண்கள் மங்கல்தான், ஆனால் ஐந்து இலக்கமா ஆறு இலக்கமா என்று தெரியும் அளவுக்கு மங்கல். டிக்கெட்டில் இருந்து இணைப்பை நீக்கினோம். ஆனால் டிக்கெட் போட்ட நொடியே குழுவினர் எல்லோருக்கும், வெளி நிறுவனத்து ஆட்களுக்கும் சேர்த்து, இணைப்போடு அறிவிப்பு மெயில் போய்விட்டிருந்தது. அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. எண் தெரியாமல் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சக ஊழியர்களின் சம்பளம் யார் யார் கண்ணிலோ பட வேண்டிய விஷயமே இல்லை.

`Alt` பொத்தானைப் பிடித்துக்கொண்டு `PrtScn` அழுத்தியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. அப்போது விண்டோஸ் எடுப்பது, அந்த நேரத்தில் இயக்கத்தில் இருக்கும் ஒரு விண்டோவை மட்டும். எர்ரர் பெட்டியும் தனி விண்டோதான். அது வந்து நின்றால் பின்னால் இருக்கும் மென்பொருளைத் தொட முடியாது. தொட்டால் 'டிங்' என்று சத்தம் வரும், பெட்டி ஒருமுறை மின்னும். அதனால் `Alt + PrtScn` அழுத்தினால் அந்தப் பெட்டி மட்டுமே கிடைக்கும். நானூறு ஐநூறு பிக்ஸல் அகலமுள்ள சின்னப் படம். வேர்டில் ஒட்டினாலும் மெயிலில் ஒட்டினாலும் சுருங்க வேண்டிய அவசியமே இல்லை, எழுத்து திரையில் இருந்தபடியே இருக்கும்.

அந்த அக்காவுக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரி ரெண்டையும் அழுத்தினேன், ஒண்ணுமே வரலையே?"

"வந்திருக்கும் அக்கா. மெயிலைத் திறந்து `Ctrl + V` போடுங்க."

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. திரை மின்னாது, சத்தம் வராது, எந்த ஃபோல்டரிலும் கோப்பு சேராது. படம் கிளிப்போர்டில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேறு எதையாவது காப்பி செய்துவிட்டால் பழையது போய்விடும். லேப்டாப்பில் சில கீபோர்டுகளில் `PrtScn` வேறொரு வேலையோடு ஒரே பொத்தானைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். அங்கே `Fn` பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விண்டோஸ் 11-ல் வெறும் `PrtScn` அழுத்தினால் இப்போது பெரும்பாலும் ஸ்னிப்பிங் டூல் திறக்கும். `Alt` சேர்த்தால் பழையபடியே நேராகக் கிளிப்போர்டுக்குப் போகும்.

அப்புறம், சொல்லிக் கொடுத்த மறுவாரமே எனக்கு வந்த படங்களில் சில, அவுட்லுக்கின் புதிய மெயில் விண்டோவாக இருந்தன. 'வணக்கம் சார், எர்ரர் வருகிறது' என்று பாதி எழுதிய மெயிலையே படமெடுத்து அந்த மெயிலிலேயே ஒட்டியிருப்பார்கள். காரணம் எளிது. எர்ரர் வந்ததும் முதலில் மெயிலைத் திறந்து விவரம் எழுதத் தொடங்குகிறார்கள். பிறகு நினைவு வந்து பொத்தானை அழுத்துகிறார்கள். அந்த நேரத்தில் இயக்கத்தில் இருப்பது மெயில். பக்கத்து மானிட்டரில் எர்ரர் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தாலும் விண்டோஸுக்குக் கணக்கு அது இல்லை. கடைசியாக எதைச் சொடுக்கினோமோ, தட்டச்சு செய்தால் எழுத்து எங்கே போய் விழுமோ, அந்த விண்டோதான் படமாகும். எனவே முறை இது: எர்ரர் வந்தவுடன் வேறெதையும் தொடாமல் `Alt + PrtScn`, அதற்கப்புறம் மெயில். ஏற்கெனவே நகர்ந்துவிட்டால், பெட்டியின் தலைப்புப் பட்டையில் ஒருமுறை சொடுக்கிவிட்டு அழுத்த வேண்டும். ஓகே பொத்தானில் கை பட்டுவிடக் கூடாது, எர்ரர் மறைந்துவிடும்.

பெட்டி மட்டும் வருவதால் ஒரு குறையும் உண்டு. எந்தத் திரையில், எந்த மெனுவில் இருந்தபோது வந்தது என்பது படத்தில் இருக்காது. டாஸ்க்பாரும் இல்லாததால் கடிகாரமும் இருக்காது. சர்வர் லாகில் தேட எங்களுக்கு நேரம் முக்கியம். அதனால் 'பர்ச்சேஸ் வவுச்சர் திரை, மாலை 5.40' என்று ஒரு வரி கையால் எழுதிவிடச் சொல்வேன். பின்னணித் திரையும் வேண்டுமென்றால், பெட்டியை மூடிவிட்டு அந்தத் திரையைத் தனியாக இன்னொரு முறை எடுத்து அனுப்பலாம்.

பிரௌசரில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். அங்கே இயக்கத்தில் இருக்கும் விண்டோ என்றால், பக்கம் மட்டும் அல்ல. மேலே திறந்திருக்கும் டேப்களின் பெயர்கள், முகவரிப் பட்டை, புக்மார்க் எல்லாமே படத்தில் வரும். வங்கி, ஆஸ்பத்திரி என்று டேப் பெயர்களே நிறையச் சொல்லிவிடும். சம்பந்தப்பட்ட டேப்பைப் பிடித்து வெளியே இழுத்துத் தனி விண்டோவாக்கிவிட்டு எடுப்பது என் பழக்கம். அதேபோல, விண்டோவின் மேல் வந்து நிற்கும் அறிவிப்புப் பெட்டிகளும் படத்தில் விழுந்துவிடும். விண்டோ திரை முழுக்க விரிந்திருந்தால் வலது கீழ் மூலையில் வரும் சாட் செய்தி அப்படியே பதிவாகும். ஒட்டியபின் அந்த மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இந்த முறை உதவாத இடமும் இருக்கிறது. ஒரு மெனுவைத் திறந்து வைத்து 'இதில் அந்த ஆப்ஷனே காணோம்' என்று காட்ட நினைத்தால், `Alt` தொட்டதுமே மெனு மூடிக்கொள்ளும். படத்தில் மெனு இருக்காது. அதற்கு ஸ்னிப்பிங் டூலில் மூன்று அல்லது ஐந்து விநாடி தாமதம் வைத்து, அந்த இடைவெளியில் மெனுவைத் திறந்துகொள்வதுதான் வழி.

எண்தான் முக்கியம் என்றால் படத்தைவிட நல்லது ஒன்று உண்டு. விண்டோஸின் வழக்கமான மெசேஜ் பெட்டியாக இருந்தால், அது திறந்திருக்கும்போதே `Ctrl + C` அழுத்திவிட்டு மெயிலில் ஒட்டிப் பாருங்கள். பெட்டியில் இருப்பது எழுத்தாகவே வந்து விழும்.

```
---------------------------
Billing
---------------------------
Cannot post voucher 100386. Record is locked.
---------------------------
OK
---------------------------
```

இதில் 8, 3 குழப்பத்துக்கு இடமில்லை. அந்த எண்ணை நாங்கள் அப்படியே எடுத்துத் தேடலாம். மென்பொருள்காரர்கள் தாங்களே வடிவமைத்த பெட்டிகளில் இது வேலை செய்யாமல் போகலாம். அங்கே படம்தான் கதி. எங்கள் டிக்கெட்டுகளில் எழுத்தும் படமும் இரண்டுமாக வரும் டிக்கெட்தான் சீக்கிரம் முடிகிறது.

கோவைக் கிளையினர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக சர்வரில் வேலை செய்கிறார்கள். ரிமோட்டை ஒரு விண்டோவாக வைத்துக்கொண்டு `Alt + PrtScn` அழுத்தினால், அவர்கள் கணினியைப் பொறுத்தவரை இயக்கத்தில் இருப்பது அந்த ரிமோட் விண்டோ. அதனால் தொலைவில் உள்ள டெஸ்க்டாப் முழுவதும் படமாகிவிடும், திரும்பவும் முழுத்திரைக் கதைதான். ரிமோட்டுக்குள் இயக்கத்தில் இருக்கும் விண்டோ மட்டும் வேண்டுமென்றால் `Ctrl + Alt` பிடித்துக்கொண்டு, வலப்பக்க எண் பலகையில் உள்ள கழித்தல் குறியை அழுத்த வேண்டும். படம் ரிமோட் கணினியின் கிளிப்போர்டில் சேரும். எண் பலகை இல்லாத சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்களிடம், ரிமோட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் மெனுவில் இருந்து ஸ்னிப்பிங் டூலைத் திறந்து விண்டோ முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.