நாளைக்கா, இன்றைக்கா?

பிரதோஷ அபிஷேகத்தில் நந்திக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த குருக்களிடம் ஒரு அம்மா கேட்டார்: "நாளைக்குத்தானே சாமி திரயோதசி? காலண்டர்ல பார்த்தேனே!"

நாளைக் காலையிலும் திரயோதசிதான். ஆனால் மத்தியானம் 2 மணிக்கே சதுர்த்தசி வந்துவிடும். இன்று 3 மணிக்கே திரயோதசி பிறந்தாச்சு.

பொழுது சாயும்போது திரயோதசி இருக்கிற நாள்தான் பிரதோஷம். விடியற்காலைத் திதியைப் பார்த்தால் நாள் தப்பிவிடும்.

ஆலகாலம் உண்ட ஈசன் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே ஆடியது இந்த அந்தியில்தான் என்பது ஐதீகம். அதனால்தான் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் இவ்வளவு கூட்டம்.

அபிஷேகம் முடிந்து, அருகம்புல் மாலை சாத்தி, தீபாராதனை ஆனதும் கொம்புகளின் இடைவெளியில் லிங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் விரதம் முடிப்பார்கள்.

அந்த அம்மா காலையிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டாராம்.

"பரவாயில்லம்மா, தரிசனம் கிடைச்சிடுச்சே" என்றார் குருக்கள், அடுத்த குடத்தை எடுத்தபடி.