கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கட்டிய சாப்பாடு

திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகக் காரில் இரண்டரை மணி நேரம். மாமா, அத்தை, மூன்று வயது மகன், ஒன்றரை வயது மகள், நாங்கள் இருவர். கோயில் நடை பகல் 12 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். மாமா சர்க்கரை மாத்திரை போடுபவர், சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. அதனால் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோனோம்.

போன வருடம் வேறொரு பயணத்தில் தேங்காய் சாதத்தைச் சூடாகவே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மதியம் திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. சாதம் கொழகொழவென்று ஒட்டியது, எடுத்தால் நூல் விட்டது. அப்படியே கொட்டிவிட்டேன். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்து, வேகவைத்தாலும் சாகாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சில நேரம் வாடையே வராது என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது.

இந்த முறை புளிக்காய்ச்சலை முந்தின நாள் இரவே செய்துவிட்டேன். காலை 5 மணிக்குச் சாதம் வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு விசிறினேன். கைவைத்தால் சூடே தெரியாத பிறகுதான் கிளறி, துடைத்துக் காயவைத்த தூக்கில் போட்டேன். புளிப்பு சாதத்தைக் காக்கும், ஆனால் தூக்கலாக இருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம் என்று இட்லிக்கு எண்ணெயில் குழைத்த பொடி.

பிள்ளைகளுக்கும் பல்செட் போட்ட அத்தைக்கும் தயிர்சாதம். ஒரு டம்ளர் அரிசிச் சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறவைத்த பால் மூன்று டம்ளர் ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்தேன். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் உறை பிடிக்காது. போகிற வழியிலேயே உறைந்து, சாப்பிடும்போது புளிக்காமல் சரியாக இருந்தது. மாதுளை முத்துகளைத் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கேதான் சேர்த்தேன்.

மகளின் பால்பவுடரை வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்களில் அளந்துவிட்டு, கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டேன். கலந்தது குடித்து மிஞ்சினால் கொட்டிவிடுவேன். குடிக்க, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எட்டு லிட்டர். கைகழுவ ஒரு கேன் தனியாக, சோப்போடு. எண்ணெய்க் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் பாய் விரித்தோம். மகன் எச்சில் ஸ்பூனைத் தயிர்சாதத் தூக்குக்குள் விடப்போனான். அத்தை சட்டென்று கையைப் பிடித்து, “இருடா கண்ணு, பாட்டி எடுத்துத் தரேன்” என்று அவன் கிண்ணத்தில் வேறு கரண்டியால் போட்டார். அதனால்தான் 3 மணிக்கு அவன் மறுபடி பசிக்கிறது என்றபோது, மிச்சமிருந்த தயிர்சாதத்தைத் தயங்காமல் கொடுக்க முடிந்தது.