ஐந்து பெர்சன்ட் ஏஜென்சியில் பணம் எங்கே தங்குகிறது

சோப்பு, பிஸ்கட், பேஸ்ட் ஏஜென்சி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது மார்ஜின் எவ்வளவு என்றுதான். போட்ட பணம் எத்தனை நாள் முடங்கும் என்ற நாள் கணக்கு கையெழுத்துப் போட்ட பிறகுதான் புரியும்.

மார்ஜினை முதலில் முடித்துவிடலாம். எம்.ஆர்.பி. 10 ரூபாய் சோப்பைக் கடைக்காரருக்கு 9 ரூபாய்க்குப் போடுகிறோம். எம்.ஆர்.பி.யை வைத்துப் பார்த்தால் அவருக்கு 10 பெர்சன்ட், வாங்கிய விலையை வைத்துப் பார்த்தால் 11. கம்பெனி ஆள் பெரிய எண்ணைச் சொல்லுவார், கடைக்காரர் சின்ன எண்ணைச் சொல்லுவார், ரூபாய் அதேதான். நமக்கு வாங்கிய விலையில் 5 பெர்சன்ட் என்றால் அந்தச் சோப்பு சுமார் 8 ரூபாய் 57 காசுக்கு வந்திருக்கும்.

அறந்தாங்கி அளவுள்ள ஊரில் மாதம் 12 லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுத்து விற்பதாக வைத்துக்கொள்வோம், வரியை விட்டுவிட்டு. மார்ஜின் 60,000. வண்டிக்கும் டிரைவருக்கும் 18,000, கம்பெனி தரும் பங்கு போக சேல்ஸ்மேனுக்கு 12,000, குடோன் வாடகை, லோடிங், பில் போடுகிறவர் என்று இன்னொரு 12,000. மீதி 18,000, வருஷத்துக்கு 2,16,000.

இதற்குப் போட்ட பணம் மூன்று இடத்தில் கிடக்கும். குடோனில் 15 நாள் சரக்கு 6 லட்சம். லைனில், அதாவது நம் வண்டி சுற்றிவரும் கடைகளில், 10 நாள் கடன் 4 லட்சம். கம்பெனி நமக்குத் திருப்பித் தரவேண்டிய கிளைம் 1 லட்சம். ஆக 11 லட்சத்துக்கு 19 பெர்சன்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, பரவாயில்லை. கடன் 20 நாளாக நீண்டால் போட்ட முதல் 15 லட்சமாகிறது, வருமானம் 14 பெர்சன்ட்டுக்கு இறங்குகிறது. அதோடு மாதக் கடைசியில் கம்பெனி வைத்த டார்கெட்டுக்காக 3 லட்சம் சரக்கைக் கூடுதலாக இறக்கி, அது தங்கிப்போனால் 12 பெர்சன்ட். பேங்க் ஓ.டி. கடனுக்கு வட்டி 11 பெர்சன்ட் என்றால், கடைசியில் பேங்குக்குத்தான் உழைத்திருக்கிறோம். மார்ஜினில் ஒரு காசு குறையாமலே இவ்வளவும் நடக்கும்.

கடன் எப்படி நீள்கிறது என்று பார்த்தால் காரணம் லைனில் இருக்கிறது. ஒரு கடைக்கு வண்டி வாரம் ஒருமுறைதான் போகும். 7 நாள் கடன் என்று பேசியிருப்போம். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் தம்பி" என்று ஒரே தடவை சொன்னால் அது 8 நாள் ஆகாது, நேரே 14. கடன் ஏழு ஏழாகத்தான் ஏறும். அதனால் ரூபாயில் வரம்பு வைப்பதைவிட பில்லில் வரம்பு வைப்பது நல்லது: பழைய பில் வந்தால்தான் புது பில், எவ்வளவு பெரிய கடையானாலும் ஒரே நேரத்தில் இரண்டு பில்லுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. தீபாவளிக்குத் தளர்த்தினால், எந்தத் தேதியில் மூடுவது என்பதையும் அந்தப் பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பில் வாரியான பாக்கிப் பட்டியலோடு முதலாளியே லைனில் போக வேண்டும். பட்டியலில் 21 நாள் தாண்டிய பில்லைக் கடைக்காரர் "அது அன்னைக்கே குடுத்தாச்சே" என்று சொன்னால், பணம் சேல்ஸ்மேன் பையில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடைப் பில்லில் வரவு வைத்துக்கொண்டே போவார்கள். ஜி-பே வந்தபின் இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

சரக்குக்கு ஆர்டர் போடும்போது டார்கெட் ஷீட்டை மூடிவைத்துவிட்டுக் கணக்குப் போடவும். கடந்த நான்கு வாரத்தில் கடைகளுக்குப் போனது 80 பெட்டி என்றால் வாரத்துக்கு 20. சரக்கு வந்துசேர ஒரு வாரம், கையிருப்பு இரண்டு வாரம், ஆக 60 பெட்டி தேவை. குடோனில் 35 இருந்தால் ஆர்டர் 25. இந்த 80-ல் ஹோல்சேலுக்குத் தள்ளியதைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

ஹோல்சேலில் இன்னொரு தொல்லை இருக்கிறது. மாதக் கடைசியில் 2 பெர்சன்ட் விட்டுக்கொடுத்துத் தள்ளிய சரக்கு, அடுத்த வாரம் நம் லைன் கடைக்கே நம் ரேட்டைவிட மலிவாகப் போய்ச்சேரும். சேல்ஸ்மேன் போனால் "சரக்கு இருக்கு" என்பார்கள், அலமாரியும் நிறைந்திருக்கும், நம் பில்லோ மூன்று வாரமாக இருக்காது. அங்கே கிடக்கும் பெட்டியின் பேட்ச் நம்பரை நம் குடோன் பதிவோடு ஒத்துப்பாருங்கள். பெரும்பாலும் நாம் தள்ளியதாகவே இருக்கும்.

பிஸ்கட் மாதிரி ஆறு மாத ஆயுள் சரக்கில் வந்த வரிசையைப் பார்த்து வெளியேற்றினால் போதாது, காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். சில சமயம் பழைய பேட்ச் பிந்தி வரும். 60 நாள் மிச்சமிருக்கும்போதே பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வேகமாக ஓடும் கடைகளுக்கு அனுப்பிவிடலாம். காலாவதிக் கிளைமுக்குப் பல கம்பெனிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, அதற்கு மேலே போனது நம் தலையில்தான். ஏஜென்சி எடுக்கும்போதே அந்த வரம்பையும், கிளைம் எத்தனை நாளில் கிரெடிட் நோட்டாக வரும் என்பதையும் மெயிலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன ஏரியா மேனேஜர் அடுத்த வருஷம் வேறு ஊரில் இருப்பார்.