திருச்செங்கோட்டில் ஒரு சிறு கணினிப் பயிற்சி மையம் தொடங்கிய அனுபவம்

திருச்செங்கோட்டில் கணினிப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்குவதென்று முடிவானதும், இடம் பார்ப்பதற்கும் கணினி வாங்குவதற்கும் முன்பாக நான் தெளிவு பெற வேண்டியிருந்தது சான்றிதழைப் பற்றித்தான். விசாரிக்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "இது கவர்மென்ட் சர்டிபிகேட்டுங்களா?" என்பதாகவே இருக்கும் என்று தொழிலில் இருந்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கையில் இல்லாமல் பலகை மாட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில் பிரான்சைஸ் தருவதாக ஒரு நிறுவனத்தின் முகவர் வந்தார். முன்பணம் கட்டினால் அவர்களுடைய பெயரில் மையம் நடத்தலாம், ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியாகப் பணம் செலுத்தினால் "அரசுப் பதிவு பெற்ற" டிப்ளமோ சான்றிதழ் அச்சாகி வரும் என்றார். அவர் காட்டிய காகிதங்களை நிதானமாகப் படித்தபோது, ஒன்று உத்யம் பதிவு, மற்றொன்று ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்று என்று தெரிந்தது. உத்யம் என்பது எந்தச் சிறு தொழில் செய்பவரும் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளும் பதிவு. நானும் என் மையத்துக்கு அதைச் செய்திருக்கிறேன். ஐ.எஸ்.ஓ. சான்று ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது. இவ்விரண்டுமே ஒரு படிப்பையோ அதன் சான்றிதழையோ அரசு ஏற்றுக்கொண்டதாக ஆக்குவதில்லை. தேர்வை நடத்துவது யார், வினாத்தாளைத் தயாரிப்பது யார், எந்த வேலைவாய்ப்பு அறிவிக்கையிலாவது இந்தச் சான்றிதழின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று மூன்று கேள்விகளை அவரிடம் கேட்டேன். தேர்வையும் நீங்களே நடத்தி மதிப்பெண் அனுப்பினால் போதும் என்பதுதான் பதிலாக வந்தது. பணம் கட்டியதும் வந்துவிடும் அந்தக் காகிதத்தை மாணவர்களிடம் பெரிய தகுதியாகக் காட்டி விற்க எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட அழைப்பு வரும் எவரும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

அரசுத் தேர்வுகள் உண்மையில் இருக்கத்தான் செய்கின்றன. தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சி.ஓ.ஏ. எனப்படும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வு, அரசு அலுவலகங்களில் தட்டச்சர் பணிக்குப் போகிறவர்களுக்குத் தேவைப்படுவது. அது தட்டச்சுப் படிப்போடு சேர்ந்தே போவதால், அதை நாடி வருகிறவர்களை ஊரில் நெடுங்காலமாக நடக்கும் தட்டச்சுப் பயிலகத்துக்கே அனுப்பிவிடுகிறேன். மற்றொன்று, மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நைலிட் நிறுவனம் நடத்தும் சி.சி.சி. எனப்படும் அடிப்படைக் கணினித் தேர்வு. இதற்கான பாடத்திட்டம் 80 மணி நேரம். தேர்வு 100 கொள்குறி வினாக்களுடன் கணினியிலேயே நடக்கும். எந்த மையத்தின் பரிந்துரையும் இல்லாமல் மாணவரே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆகவே என் மையம் எந்த அங்கீகாரமும் பெறாமலேயே ஒருவரை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்ய முடியும். பெற்றோரிடம் இப்போது நான் சொல்வது இதுதான்: "நாங்க கொடுக்கிறது எங்க மையத்தோட சான்றிதழ்ங்க, அது அரசுச் சான்றிதழ் இல்லைங்க. அரசுத் தேர்வு வேணும்னா சி.சி.சி.க்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், பாடம் நாங்க சொல்லித் தர்றோம்." இதைக் கேட்டு எழுந்து போகிறவர்களும் உண்டு. பெரும்பாலோர் உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள்.

பாடத்தை எப்படி அமைப்பது என்பதற்கு வழி காட்டியவர் ஊரிலுள்ள ஓர் ஆடிட்டர். எங்கள் பகுதியில் படிப்பை முடித்த பிள்ளைகள் முதலில் வேலைக்குப் போவது ஆடிட்டர் அலுவலகம், ஜவுளி வியாபாரியின் கிடங்கு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவரின் அலுவலகம் ஆகிய இடங்களுக்குத்தான். ஆள் எடுக்கும்போது எதைப் பார்ப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "சர்டிபிகேட்டப் பாத்து நான் ஆளு எடுத்ததே இல்லீங்க. ஒரு கட்டு பில்லக் கையில குடுத்து என்ட்ரி போடச் சொல்லுவேன். பில்லுல தப்பு இருந்தா அதக் கண்டுபிடிச்சுக் கேக்கறாங்களான்னு பார்ப்பேன்" என்றார். அந்தக் கட்டுப் பில்லையே இறுதித் தேர்வாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து மூன்று மாதப் பாடத்தை வகுத்தேன்.

முதல் மாதத்தில் கணினியின் வரலாறு, தலைமுறைகள் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டிருக்காமல், தினமும் முதல் கால் மணி நேரம் தட்டச்சுப் பயிற்சியும் மீதி நேரம் கடிதம் எழுதுவதுமாக வைத்தோம். ஆங்கிலத்திலும் தமிழ்99 விசைப்பலகையிலும் ஒரு விண்ணப்பத்தைத் தயாரித்து, பி.டி.எஃப். ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்பும் அளவுக்கு இரண்டாம் வார முடிவில் வந்துவிட வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது பயன்படும் காரியத்தை விரைவிலேயே செய்துவிட்ட மாணவர் நடுவில் நின்றுவிடுவது குறைவு என்பதை அடுத்தடுத்த பேட்ச்களில் பார்த்தேன்.

இரண்டாம் மாதம் எக்செல். இங்கேதான் அதிக நேரம் செலவிடுகிறோம். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் பான் எண் என்பதை முதலில் பழக்குகிறோம். விற்பவரும் தமிழ்நாட்டில் இருந்து, வாங்குபவரின் எண்ணும் 33 என்று தொடங்கினால், 40,000 ரூபாய்ப் பருத்தித் துணிக்கு 5 விழுக்காட்டு வரி, மத்திய வரி 1,000 என்றும் மாநில வரி 1,000 என்றும் பிரியும். எண் 32 என்று தொடங்கினால் சரக்கு கேரளத்துக்குப் போகிறது, முழு 2,000 ரூபாயும் மாநிலங்களுக்கிடையிலான விற்பனைக்குரிய ஐ.ஜி.எஸ்.டி.யாக வரும். இந்த முடிவை எக்செல்லே எடுக்கும்படி வாய்பாடு எழுதச் சொல்வோம். வாங்குபவரின் எண் பி2 கட்டத்திலும் சரக்கின் மதிப்பு சி2 கட்டத்திலும் இருப்பதாகக் கொண்டால், ஐ.ஜி.எஸ்.டி. கட்டத்தில் வர வேண்டியது இது:

```
=IF(LEFT(B2,2)="33",0,C2*5%)
```

இந்த ஒரு வரியைத் தாமாக எழுதத் தெரிந்தவருக்கு மற்ற வாய்பாடுகள் எளிதாக வருகின்றன. சரக்கைக் கொண்டுசெல்வதற்கான இ-வே பில் போடும் அரசுத் தளத்தில் பயிற்சிக்காகப் பொய்யான பில் போட முடியாது என்பதால், அந்தப் படிவத்தில் உள்ள கட்டங்களை எக்செல் தாளில் அமைத்து நிரப்பப் பழக்குகிறோம்.

மூன்றாம் மாதம் டேலி. உரிமம் வாங்கிய பிரதி ஆசிரியரின் கணினியில் மட்டும் இருக்கிறது. மாணவர்களின் கணினிகளில் இயங்குவது இலவசக் கல்விப் பயன்முறை. அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். பயிற்சிப் பில்கள் அனைத்தையும் அந்தத் தேதிகளிட்டே தயாரித்து வைத்திருப்பதால் இது பெரிய தடையாகவில்லை.

ஒரு பேட்ச்சுக்கு எட்டுப் பேர் என்பது கணினிகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ததல்ல. எட்டு என்று முடிவு செய்த பிறகே எட்டுக் கணினிகள் வாங்கினோம். ஒரு கணினிக்கு இருவர் என்று அமர்த்தினால் கட்டண வருவாய் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் இருவரில் ஒருவர் கையில்தான் மவுஸ் இருக்கும்; மற்றவர் பார்த்துப் புரிந்துகொண்டதாக எண்ணியபடி மூன்று மாதத்தைக் கழித்துவிடுவார். அப்படிப் படித்துவிட்டு வேறிடத்திலிருந்து வந்தவர்களை எளிதில் கண்டுபிடிக்கலாம்: படி எதுவும் சொல்லாமல் ஒரு பில்லை மட்டும் கொடுத்து அட்டவணை போடச் சொன்னால், அவர்களுடைய கை விசைப்பலகைக்குப் போகாமல் கண் பக்கத்து இருக்கைக்குப் போகும். ஒன்றரை மணி நேர வகுப்பில் எட்டுப் பேருக்கும் ஆளுக்குச் சில நிமிடங்களாவது ஓர் ஆசிரியரால் பக்கத்தில் நின்று பார்க்க முடியும். அதற்கு மேல் எண்ணிக்கை போனால் அவர் கரும்பலகையின் பக்கமே நின்றுவிடுகிறார்.

கட்டணத்தை இந்த எட்டிலிருந்தே கணக்கிட்டேன். மாத வாடகை 7,000, ஆசிரியர் சம்பளம் 12,000, மின்சாரம் 2,500, இணையம் 800, காகிதமும் பழுதுபார்ப்பும் 2,000 என்று மாதச் செலவு 24,300 ரூபாய் வந்தது. மூன்று மாதப் படிப்புக்கு 4,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 1,500 என்று வைத்தால், செலவை ஈடுகட்டவே 17 மாணவர்கள் வேண்டும். காலை 10 மணிக்கு இல்லத்தரசிகள், மாலை 5 மணிக்குக் கல்லூரி மாணவர்கள், 7 மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் என மூன்று பேட்ச்களில் 24 இடங்கள் இருந்தாலும், எல்லா இடங்களும் எப்போதும் நிரம்புவதில்லை. பிளஸ் டூ தேர்வு முடிந்த பின் ஏப்ரலிலும் மே மாதத்திலும் இடம் போதாது. கல்லூரி திறந்ததும் கூட்டம் குறையும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் விசைத்தறி வேலை மும்முரமாவதால் இரவுப் பேட்ச் மெலிந்துவிடும். கோடையில் மிஞ்சுவதை அந்த மாதங்களுக்கென ஒதுக்கி வைக்காவிட்டால் வாடகைக்கே கடன் வாங்க நேரும். இதில் என் உழைப்புக்கான ஊதியமும், கணினிகளுக்கு இட்ட முதலும் சேரவில்லை என்பதையும் தொடங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பணத்தை மொத்தமாக வாங்குவதில்லை. சேரும்போது 2,000, இரண்டாம் மாதம் 1,500, மூன்றாம் மாதம் 1,000 என்று குறைந்துகொண்டே போகும்படி வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ரசீது உண்டு. முதல் வாரத்துக்குள் வேண்டாமென்று விலகினால் கட்டிய பணத்தில் 1,500 திருப்பித் தரப்படும் என்பதை ரசீதின் பின்புறத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்கு வெகு கீழே இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படவில்லை, ஆகவே கட்டணத்தின் மேல் வரி எதுவும் வசூலிப்பதில்லை.

மூன்று மாத முடிவில் பத்துப் பில்கள் கொண்ட கட்டு ஒன்றைக் கொடுத்துத் தனியாக அமர்த்துகிறோம். அவற்றில் இரண்டு வேண்டுமென்றே தவறாகத் தயாரிக்கப்பட்டவை: ஒன்றில் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து குறைந்திருக்கும், மற்றொன்றில் வெளிமாநில விற்பனைக்கு உள்மாநில வரி போடப்பட்டிருக்கும். எட்டுப் பில்களைச் சரியாகப் பதிந்து, இரண்டையும் எடுத்து வைத்துக் காரணம் சொல்கிறவருக்குத்தான் சான்றிதழ். அதில் மையத்தின் பெயர், படித்த 90 மணி நேரம், வருகை விழுக்காடு, தேர்வில் செய்த வேலைகளின் பட்டியல், தட்டச்சு வேகம், வரிசை எண் ஆகியவை இருக்கும். டிப்ளமோ என்ற சொல்லையோ, அரசு முத்திரையையோ, அசோகச் சின்னத்தைப் போன்ற எதையுமோ அச்சிடுவதில்லை. அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தேறாதவர்கள் காலியாக உள்ள எந்தப் பேட்ச்சிலும் கூடுதல் கட்டணமின்றி அமர்ந்து பயின்று மறுபடியும் எழுதலாம். வரிசை எண்களோடு ஒவ்வொருவரின் தேர்வுத் தாளும் பதிவேட்டில் கோத்து வைக்கப்பட்டிருக்கிறது. வேலை கொடுப்பவர் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், மாணவரின் ஒப்புதலோடு தாளையே எடுத்து அனுப்புகிறோம்.