வெண்டிக்காய் நீந்துது

நேற்றிரவு கரண்ட் போன நேரம் மகளுக்குக் கட்டிச் சொன்ன பாட்டு:

வெள்ளவத்தைக் கடலிலே வெண்டிக்காய் நீந்துது
பிள்ளை பெத்த பூனை வந்து பஸ்ஸுக்குக் காசு கேக்குது

மூன்று வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெண்டிக்காய் சட்டியில்தான் கிடக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயம்தான் சிரிப்பு.

அடுத்து, "காண்டாமிருகம் முட்டை போட்டுது" என்றேன். சிரிப்பில்லை. "உண்மையாவோ அப்பா?" என்றாள். காண்டாமிருகத்தை அவள் அறியாள். தெரியாததை எப்படித் தலைகீழாக்குவது?

ரஷ்யக் கவிஞர் சுகோவ்ஸ்கி இதைத் தன் மகளிடமே கண்டு எழுதியவர். இரண்டு வயது நிரம்பாத பிள்ளை, 'நாய் மியாவ்' என்று தானே சொல்லிச் சிரித்ததாம்.

ஆனால் தாளம் தப்பக்கூடாது. 'பிள்ளை பெத்த'வை விட்டுவிட்டு வெறும் 'பூனை' என்றேன். வெள்ள, பிள்ளை எதுகை போனது. உடனே திருத்தினாள்: "பிள்ளை பெத்த பூனை!"